மஞ்சள் நிறமும் மணிக்கணக்கும்: பச்சிளம் குழந்தையின் காமாலை

ஒரே வார்டில் இரண்டு குழந்தைகள். இரண்டுக்கும் முகத்திலும் மார்பிலும் ஒரே அளவு மஞ்சள். ஒன்று பிறந்து 18 மணி நேரம் ஆகிறது, மற்றொன்று பிறந்து 80 மணி நேரம். பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் முதல் குழந்தைக்கு இரண்டு மணி நேரத்துக்குள் ரத்தம் எடுத்துப் பார்த்தாக வேண்டும். இரண்டாவது குழந்தைக்கும் அளவு பார்க்கத்தான் வேண்டும், ஆனால் ஆறு மணி நேர அவகாசம் உண்டு. நன்றாகப் பால் குடித்துச் சுறுசுறுப்பாக இருந்தால் பெரும்பாலும் அது வழக்கமான காமாலையாகவே இருக்கும்.

மகப்பேறு செவிலியம் படிக்க வரும் மாணவிகள் பச்சிளம் குழந்தையின் காமாலையில் முதலில் பழக வேண்டியது இந்த மணிக்கணக்கைத்தான். குழந்தையின் வயதை நாளாகச் சொன்னால் போதாது. 'இரண்டாம் நாள்' என்பது 25 மணியாகவும் இருக்கலாம், 47 மணியாகவும் இருக்கலாம். காமாலையில் அந்த 22 மணி நேரத்துக்குள் ஆபத்தின் எல்லையே நகர்ந்துவிடுகிறது. வீட்டில் இருப்பவர்களும் இதைத் தெரிந்துகொண்டால், 'எல்லாக் குழந்தைக்கும் வருவதுதானே' என்று விடவேண்டிய இடம் எது, விடக் கூடாத இடம் எது என்பது விளங்கும்.

மஞ்சள் எங்கிருந்து வருகிறது

நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு முதல் வாரத்தில் மஞ்சள் தெரியும். குறைமாதக் குழந்தைகளில் பத்தில் எட்டுப் பேருக்குத் தெரியும். காரணம் எளிது. கருப்பையில் ஆக்சிஜன் குறைவாகக் கிடைப்பதால் சிசுவின் உடலில் சிவப்பணுக்கள் அதிகம். பிறந்து மூச்சுவிடத் தொடங்கியதும் அவ்வளவு தேவையில்லை. பெரியவர்களின் சிவப்பணு 120 நாள் வாழும். பச்சிளம் குழந்தையுடையது ஏறத்தாழ 70 முதல் 90 நாளில் அழிந்துவிடும். அழியும் சிவப்பணுவிலிருந்து பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் உண்டாகிறது.

இந்தப் பிலிருபின் தண்ணீரில் கரையாது. கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதைக் கரையும் பொருளாக மாற்றினால்தான் பித்தநீரோடு குடலுக்கு வந்து மலத்தில் வெளியேறும். பிறந்த குழந்தையிடம் அந்த நொதியின் வேகம் மிகமிகக் குறைவு. வரவு அதிகம், செலவு குறைவு. அதனால்தான் தோலில் மஞ்சள் தேங்குகிறது. இந்த இயல்பான காமாலை 24 மணி நேரத்துக்குப் பிறகு தலைகாட்டும், மூன்றாவது நாளிலிருந்து ஐந்தாவது நாளுக்குள் உச்சம் தொடும், பிறகு மெல்ல வடிந்துவிடும்.

இத்துடன் இன்னொன்றும் நடக்கிறது. குடலுக்கு வந்து சேர்ந்த பிலிருபின் அங்கேயே தங்கினால், அதன் ஒரு பகுதி மறுபடி பழைய வடிவத்துக்குத் திரும்பி ரத்தத்துக்குள் உறிஞ்சப்படும். பிறந்த குழந்தை முதலில் போகும் கரும்பச்சை மலத்தில் பிலிருபின் நிறையவே உண்டு. அது எவ்வளவு சீக்கிரம் வெளியேறுகிறதோ அவ்வளவு நல்லது. அதை வெளியே தள்ளுவது தாய்ப்பால்தான். பால் குறைந்தால் மலம் குறையும், மலம் குறைந்தால் மஞ்சள் ஏறும்.

24 மணிக்குள் வந்தால் அது வேறு கதை

முதல் 24 மணி நேரத்துக்குள் தெரியும் மஞ்சளை இயல்பானது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி உடைகின்றன என்பதே அதற்கு முதல் சந்தேகமாக இருக்க வேண்டும். தாயின் ரத்த வகை நெகட்டிவாகவும் குழந்தையுடையது பாசிட்டிவாகவும் இருக்கும்போது, தாயின் உடலில் உருவான எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியே வந்து குழந்தையின் சிவப்பணுக்களைத் தாக்கலாம். ஆன்டி-டி ஊசியை கர்ப்பத்தின் 28ஆம் வாரத்திலும், பிரசவமாகி 72 மணி நேரத்துக்குள்ளும் போடுவது, தாயின் உடலில் அந்த எதிர்ப்பொருள்கள் உருவாகாமல் தடுத்து அடுத்த பிள்ளையைக் காப்பாற்றத்தான். தாய் 'ஓ' வகை, குழந்தை 'ஏ' அல்லது 'பி' வகை என்றாலும் இதே மாதிரி நடக்கலாம். இது முதல் பிள்ளைக்கும் வரும். அதனால் தாயின் ரத்த வகையைத் தெரிந்துகொள்ளாமல் எந்தக் குழந்தையின் மஞ்சளையும் எடைபோட முடியாது.

ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளின் சிவப்பணுக்களும் எளிதில் உடையும். இவர்களுக்கு நாப்தலின் உருண்டை ஆபத்து. பீரோவில் உருண்டை போட்டு வைத்த பழைய துணிகளைத் துவைக்காமல் எடுத்துக் குழந்தைக்குச் சுற்றும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. பிறந்த குழந்தை இருக்கும் வீட்டில் அந்த உருண்டையே வேண்டாம் என்று செவிலியர் சொல்ல வேண்டும்.

ஒரு குழந்தையின் கணக்கு

எண்களோடு பார்த்தால் விஷயம் தெளிவாகும். இது மாணவிகளுக்குப் பயிற்சிக்காக அமைத்த ஒரு கணக்கு. ஆனால் இப்படிப்பட்ட குழந்தையை ஒவ்வொரு செவிலியரும் பார்த்திருப்பார்.

தாய்க்கு முதல் பிரசவம். ரத்த வகை பி பாசிட்டிவ். 37 வாரத்தில் சுகப்பிரசவம், குழந்தை 2.8 கிலோ. 48 மணி நேரம் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அரசின் வீட்டுப் பராமரிப்புத் திட்டப்படி மூன்றாம் நாளில் வீட்டுக்குப் போய்க் குழந்தையைப் பார்க்க வேண்டும். கிராம சுகாதார செவிலியர் போகும்போது குழந்தைக்கு 72 மணி நேரம்.

குழந்தை தூங்கிக்கொண்டிருக்கிறது. "ரொம்ப சமத்து சிஸ்டர், அழவே அழாது, எழுப்பினாத்தான் பால் குடிக்கும்" என்கிறார் பாட்டி. அனுபவமுள்ள செவிலியருக்கு இந்த வாக்கியம்தான் முதல் எச்சரிக்கை. ஒரு நாளைக்கு எத்தனை முறை பால் குடித்தது என்று கேட்கிறார்: ஐந்து முறை. எட்டிலிருந்து பன்னிரண்டு முறை குடித்திருக்க வேண்டும். சிறுநீர் இரண்டு முறை. மலம் இன்னும் கருப்பாகவே இருக்கிறது. இந்நேரம் பச்சை கலந்து மஞ்சளை நோக்கி மாறத் தொடங்கியிருக்க வேண்டும். எடை 2.52 கிலோ. அதாவது 280 கிராம் குறைவு, பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்கு. முதல் நாட்களில் எடை சற்றுக் குறைவது வழக்கம்தான், ஆனால் பத்து சதவீதம் என்பது பால் போதவில்லை என்று சொல்லும் எண்.

இப்போது மஞ்சள். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, துணியை முழுதும் அவிழ்த்து, நெற்றியிலும் மார்பிலும் வயிற்றிலும் விரலால் மெல்ல அழுத்தி எடுத்துப் பார்க்கிறார். ரத்தம் விலகிய இடத்தில் தோலின் உண்மையான நிறம் தெரியும். நம் ஊர்க் குழந்தைகளின் மாநிறத்தில் மஞ்சள் எளிதில் ஒளிந்துகொள்ளும் என்பதால் ஈறுகளையும் கண்ணின் வெள்ளையையும் பார்க்கிறார். மஞ்சள் பூசிக் குளிப்பாட்டியிருந்தால் தோலை நம்பவே முடியாது. முகத்தில் தொடங்கும் நிறம் கீழே இறங்கி வயிற்றையும் தொடைகளையும் தொட்டிருக்கிறது. உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளானால் அளவு மிக அதிகம் என்று பொருள்.

ஆனால் இந்தப் பார்வையால் சந்தேகப்படத்தான் முடியும், அளவைச் சொல்ல முடியாது. பழகிய கண்களே தவறுவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால் செவிலியர் குழந்தையைத் தாயோடு மருத்துவமனைக்கு அனுப்புகிறார். 74ஆவது மணியில் எடுத்த ரத்தத்தில் பிலிருபின் ஒரு டெசிலிட்டருக்கு 17 மில்லிகிராம்.

17 அதிகமா? வயது தெரியாமல் பதில் சொல்ல முடியாது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு வெளியிட்ட அட்டவணையை எடுத்துக்கொள்வோம். 37 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு 72 மணிக்குப் பிறகு ஒளி சிகிச்சை தொடங்கும் எல்லை ஏறத்தாழ 15.8. ரத்தம் மாற்றும் சிகிச்சைக்கான எல்லை 21.6. அதே குழந்தைக்கு 24ஆவது மணியில் ஒளி சிகிச்சையின் எல்லை 7ஐ ஒட்டியே இருந்திருக்கும். பிறந்த வாரமும் வயதும் மாறினால் எல்லையும் மாறும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2022இல் வெளியிட்ட அட்டவணையில் எண்கள் வேறு. ஒரு மருத்துவமனை எந்த அட்டவணையைப் பின்பற்றுகிறதோ அதையே எல்லாரும் பின்பற்ற வேண்டும்; இரண்டையும் கலக்கக் கூடாது. இந்தக் குழந்தையின் 17 முதல் எல்லையைத் தாண்டிவிட்டது, இரண்டாவதிலிருந்து தள்ளியே இருக்கிறது. ஆகவே லைட்டில் வைக்க வேண்டும்.

நீல விளக்கு என்ன செய்கிறது

இந்த சிகிச்சையின் தொடக்கம் ஒரு செவிலியரின் கவனத்தில் இருக்கிறது. இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் ராக்ஃபோர்டு மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகள் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் சிஸ்டர் ஜே. வார்டு. நல்ல வெயில் அடிக்கும் நாட்களில் குழந்தைகளை முற்றத்துக்குக் கொண்டுபோவது அவர் வழக்கம். 1956 கோடையில் ஒரு குழந்தையின் துணியை விலக்கி மருத்துவர்களிடம் காட்டினார். உடல் முழுதும் மஞ்சள் வெளிறியிருக்க, துணியின் மடிப்பு மூடியிருந்த ஒரு முக்கோணம் மட்டும் அப்படியே மஞ்சளாக இருந்தது. ஏறத்தாழ அதே காலத்தில், ஜன்னல் ஓர வெயிலில் இருந்துவிட்ட ஒரு ரத்த மாதிரியில் பிலிருபின் அளவு எதிர்பாராமல் குறைந்திருந்ததும் தெரியவந்தது. மருத்துவர் கிரெமரும் உடன் பணிபுரிந்தவர்களும் விளக்குகளை வைத்துச் சோதித்து 1958இல் லான்செட் இதழில் எழுதினார்கள்.

நீல ஒளி தோலுக்குள் ஊடுருவி, அங்கே தேங்கியிருக்கும் பிலிருபினின் வடிவத்தை மாற்றுகிறது. மாறிய வடிவம் தண்ணீரில் கரையும். எனவே கல்லீரல் நொதியின் தயவில்லாமலே பித்தநீரிலும் சிறுநீரிலும் வெளியேறிவிடும். இதில் புற ஊதாக் கதிரின் பங்கு எதுவும் இல்லை. நீல ஒளி, குறிப்பாக 460 முதல் 490 நானோமீட்டர் வரையிலான அலைநீளமே வேலை செய்கிறது.

'அப்படியானால் காலை வெயிலில் காட்டினால் போதாதா' என்ற கேள்வி நம் வீடுகளில் கட்டாயம் வரும். போதாது. வெயிலில் எவ்வளவு நீல ஒளி கிடைக்கிறது என்று அளந்து கொடுக்க முடியாது. சில நிமிட வெயிலால் எல்லை தாண்டிய அளவு இறங்காது. துணியில்லாமல் நீண்ட நேரம் வைத்தால் தோல் சுடும், அல்லது உடல் குளிரும். இவற்றையெல்லாம்விடப் பெரிய கேடு, 'வெயில் காட்டுகிறோமே' என்ற நிம்மதியில் பரிசோதனை ஒரு நாள் தள்ளிப்போவதுதான்.

விளக்கின் கீழ் செவிலியரின் வேலை

விளக்கைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடும் சிகிச்சை இதல்ல. குழந்தைக்கு டயபர் மட்டும். அதையும் முடிந்த அளவு சிறிதாக மடிக்க வேண்டும். ஒளி படும் தோலின் பரப்பளவுதான் மருந்தின் அளவு. கண்ணுக்குக் கட்டு போட வேண்டும், அது மூக்கை அடைக்கும்படி நழுவுகிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். தோலில் எண்ணெய், பவுடர், கிரீம் எதுவும் கூடாது. விளக்கின் தூரம் அந்தக் கருவியின் கையேடு சொல்வதுதான். 'பாவம், கண் கூசுகிறது' என்று யாராவது விளக்கை உயர்த்தினால் ஒளியின் வலிமை சட்டென்று குறையும். விளக்குகள் நீலமாக எரிந்துகொண்டே வலிமையை இழப்பதும் உண்டு என்பதால், ஒளியளவு காட்டும் மீட்டரால் அவ்வப்போது சோதிக்க வேண்டும்.

உடல் வெப்பநிலையைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறையும், எடையைத் தினமும் குறிக்க வேண்டும். ஈரமான டயபர்களை எண்ண வேண்டும். மலம் தளர்ந்து பச்சையாகப் போகும். பிலிருபின் வெளியேறுகிறது என்று தாயிடம் முன்பே சொல்லிவிட்டால் வயிற்றுப்போக்கு என்று பயப்படமாட்டார்.

ஒளி சிகிச்சை தொடங்கிய பிறகு தோலின் நிறத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்யக் கூடாது. விளக்குப் பட்ட தோல் வெளிறிவிடும், ரத்தத்தில் அளவு அப்படியே இருக்கலாம். தோலில் வைத்து அளக்கும் கருவியும் இப்போது உதவாது. ரத்தம்தான் எடுக்க வேண்டும். எடுக்கும்போது விளக்கை அணைக்க வேண்டும், மாதிரிக் குழாயை வெளிச்சம் படாமல் மூடி அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் குழாயில் இருக்கும் பிலிருபினையும் வெளிச்சம் குறைத்து, நமக்குப் பொய்யான நிம்மதி கிடைக்கும்.

நம் குழந்தைக்கு 75ஆவது மணியில் விளக்கு தொடங்கியது. ஐந்து மணி நேரம் கழித்து 16.7. ஏற்றம் நின்றுவிட்டது. பத்து மணி நேரம் கழித்து 14.9. 15.8க்குக் கீழே வந்துவிட்டதே என்று விளக்கை அணைத்துவிடக் கூடாது. தொடங்கிய எல்லையிலிருந்து ஏறத்தாழ 3 மில்லிகிராம் கீழே, அதாவது 12.9க்குக் கீழே இறங்க வேண்டும். மறுமுறை பார்த்தபோது 12.6. விளக்கு அணைந்தது. பதினைந்து மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம்: 13.4. விளக்கை எடுத்ததும் சற்று ஏறுவது எதிர்பார்த்ததுதான், எல்லைக்குள்தான் இருக்கிறது. எடையும் 2.58 கிலோவாகத் தேறியிருந்தது.

பாலாடையும் பொறுமையும்

அந்த எடை விளக்கால் ஏறியதல்ல. இந்தக் குழந்தையின் காமாலைக்குப் பெரும்பங்கு காரணம் பால் போதாததுதான். 37 வாரக் குழந்தை பார்ப்பதற்கு நிறைமாதக் குழந்தை போலவே இருக்கும். ஆனால் சப்பும் வலு குறைவு, தூக்கம் அதிகம். மஞ்சள் ஏற ஏறத் தூக்கம் கூடும், தூங்கத் தூங்கப் பால் குறையும், பால் குறையக் குறைய மஞ்சள் இன்னும் ஏறும். இந்தச் சுழலை உடைப்பதே செவிலியரின் வேலை.

முதலில் அருகில் உட்கார்ந்து குழந்தை பால் குடிப்பதை முழுதாகப் பார்க்க வேண்டும். வாய் அகலத் திறந்திருக்கிறதா, காம்பை மட்டுமின்றிச் சுற்றியுள்ள கருவளையத்தையும் கவ்வியிருக்கிறதா, விழுங்கும் ஓசை கேட்கிறதா? இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்ப வேண்டும். துணியை விலக்கி உள்ளங்காலைத் தடவினால் விழித்துக்கொள்ளும். குடித்த பிறகு தாய் கையால் பால் பீய்ச்சி எடுத்துப் பாலாடையில் கொடுக்கலாம். வலுவில்லாமல் சப்பும் குழந்தைக்கு நம் வீட்டுப் பாலாடை மிகப் பொருத்தமான கருவி.

சாதாரண ஒளி சிகிச்சையில் பால் கொடுக்க அரை மணி நேரம் வரை குழந்தையை வெளியே எடுக்கலாம். அப்போது கண்கட்டை அவிழ்த்துவிட்டால் தாயும் குழந்தையும் முகம் பார்த்துக்கொள்வார்கள். அளவு ஆபத்தாக ஏறி, பல விளக்குகளைச் சேர்த்துப் போட்டிருக்கும்போது மட்டும் வெளியே எடுக்கக் கூடாது. பீய்ச்சிய பாலையோ மருத்துவர் சொல்லும் வேறு வழியையோ பயன்படுத்த வேண்டும்.

தண்ணீர், குளுக்கோஸ் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம். அவை வயிற்றை நிரப்பிப் பாலுக்கு இடமில்லாமல் செய்யும், பிலிருபினையும் வெளியேற்றாது. பெரியவர்களின் காமாலைக்குக் கீழாநெல்லி கொடுக்கும் பழக்கத்தில் அதைக் குழந்தைக்கும் அரைத்து ஊற்றுகிறார்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பாலும் மருத்துவர் தரும் மருந்தும் தவிர எதுவும் கூடாது. 'நீ சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை' என்று தாய்க்குப் பத்தியம் போடுவதும் தவறு. பட்டினி கிடக்கும் தாய் சோர்ந்துதான் போவார்.

எப்போது பொறுக்கக் கூடாது

பிலிருபின் எல்லை மீறினால் மூளைக்குள் போய்ப் படியும். முதலில் குழந்தை துவளும், சப்ப மறுக்கும், எழுப்பினாலும் கண் திறக்காது. அடுத்து உடல் விறைக்கும், தலையும் முதுகும் வில்லாகப் பின்னால் வளையும், கீச்சென்ற குரலில் அழும், காய்ச்சலும் வலிப்பும் வரலாம். இந்த நிலையில் ரத்தத்தின் அளவு எவ்வளவாக இருந்தாலும் ரத்தம் மாற்றும் சிகிச்சைக்கு உடனே தயாராக வேண்டும். தவறினால் காது கேளாமை, கட்டுப்பாடில்லாமல் கைகால் முறுக்கும் மூளைவாதம் ஆகியவை வாழ்நாள் முழுதும் தங்கிவிடும். ஆகவே துவளும் கட்டத்திலேயே பிடிக்க வேண்டும்.

இந்த அறிகுறிகளோடு, முதல் 24 மணிக்குள் வரும் மஞ்சள், உள்ளங்கை உள்ளங்கால் வரை இறங்கிய மஞ்சள், விளக்கின் கீழேயும் ஏறும் அளவு ஆகியவற்றுக்கும் மூத்தவரை உடனே கூப்பிட வேண்டும். மணிக்கு அரை மில்லிகிராம் வீதம் ஏறினால், நான்கு மணி நேரத்தில் 17 என்பது 19 ஆகிவிடும். அது காத்திருந்து பார்க்கும் வேகமல்ல.

கூப்பிடும்போது 'குழந்தை கொஞ்சம் மஞ்சளா இருக்கு டாக்டர்' என்றால் அவசரம் எதிர்முனைக்குப் போய்ச் சேராது. இப்படிச் சொல்லிப் பழக வேண்டும்: "டாக்டர், 39 வாரத்தில் பிறந்த குழந்தை, இப்போது 18 மணி நேரம். முகமும் மார்பும் மஞ்சள். தாய் ஓ பாசிட்டிவ். நான்கு மணி நேரமாகச் சரியாகச் சப்பவில்லை, துவண்டிருக்கிறது. பிலிருபினும் குழந்தையின் ரத்த வகையும் எதிர்ப்பொருள் சோதனையும் இப்போதே அனுப்ப வேண்டும். நீங்கள் வந்து பார்க்க வேண்டும்." வயது, நிறம், பால், துடிப்பு, கேட்கும் உதவி எல்லாம் அரை நிமிடத்தில் வந்துவிடுகின்றன. வீட்டிலிருந்து அனுப்புவதானால் 108ஐ அழைத்து, குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்து, விழுங்க முடிந்தால் வழியிலும் பால் கொடுத்து அழைத்துப் போகச் சொல்ல வேண்டும்.

கடைசியாக, 14ஆம் நாள் பார்வை. நிறைமாதக் குழந்தைக்கு அன்றும் மஞ்சள் இருந்தால், மலத்தின் நிறத்தை வாய்வார்த்தையாகக் கேட்காமல் துணியை வாங்கிக் கண்ணால் பார்க்க வேண்டும். குழந்தை நன்றாகக் குடித்து, எடை ஏறி, மலம் கடுகு மஞ்சளாக இருந்தால் பெரும்பாலும் அது தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளிடம் சில வாரம் நீடிக்கும் தீங்கற்ற காமாலைதான். அப்போதும் ஒருமுறை ரத்தம் பார்த்துவிட வேண்டும், தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. மலம் சுண்ணாம்பு போல வெளுத்து, சிறுநீர் துணியில் மஞ்சள் கறை பிடித்தால் பித்தநீர்க் குழாய் அடைபட்டிருக்கலாம். இந்தக் காமாலைக்கு நீல விளக்கு உதவாது. அறுவை சிகிச்சை வேண்டும். அது 60 நாளுக்குள் நடந்தால் பலன் அதிகம். 14ஆம் நாளில் கண்டுபிடித்தால் கையில் 46 நாள் இருக்கிறது. 'தடுப்பூசிக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம்' என்று ஆறாவது வாரத்துக்குத் தள்ளினால் 18 நாள்தான் மிஞ்சும், பரிசோதனைகள் எல்லாம் அதற்குள் முடிய வேண்டும்.